இந்திய வங்கியில் பிடித்த வரி: விவரம் தாக்கல் செய்யாத பழைய ஆண்டுக்குத் திருகோணமலையிலிருந்து திரும்பக் கேட்பது எப்படி

கல்யாணம் கட்டித் தமிழ்நாட்டிலிருந்து திருகோணமலைக்கு வந்து, இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கேயே வாழும் பெண்கள் பலருக்கு ஊரில் ஒரு நிலையான வைப்பு இருக்கும். வெளிநாட்டுக்குக் குடிபோனதும் அந்தக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு வட்டியில் 30 வீதமும் அதன்மேல் 4 வீத செஸ்ஸும், மொத்தம் 31.2 வீதத்தை வங்கியே முன்கூட்டி டி.டி.எஸ். வரியாகப் பிடித்துவிடும். வருமானம் குறைவென்றால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் வருமான வரி விவரம் தாக்கல் செய்தால்தான் கிடைக்கும்.

உப்புவெளியில் இருக்கும் ஓர் அக்காவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். திருச்சியில் 15 இலட்சம் இந்திய ரூபாய் வைப்பு. 2021-22 நிதியாண்டில் 5.2 வீதப்படி வட்டி 78,000 ரூபாய். வங்கி பிடித்த வரி 24,336 ரூபாய். அவருக்கு இந்தியாவில் வேறு வருமானம் எதுவும் இல்லை. அந்த ஆண்டு 2,50,000 ரூபாய் வரை வரி இல்லை. அந்த வரம்பு வெளிநாட்டில் வாழ்பவருக்கும் உண்டு. ஆக அவர் கட்ட வேண்டிய வரி பூச்சியம், பிடித்த 24,336 முழுவதும் அவருடையது. (வட்டி வருமானத்துக்கு இந்தக் கணக்கு சரி. பங்கு விற்ற இலாபம் இருந்தால் வெளிநாட்டில் வாழ்பவருக்கு இந்த வரம்பு அப்படியே பொருந்தாது.)

முதலில் காலத்தைப் பாருங்கள்

2021-22 நிதியாண்டின் மதிப்பீட்டு ஆண்டு 2022-23. தாக்கல் செய்யக் கடைசித் தேதி 2022 ஜூலை 31, தாமதக் கட்டணத்தோடு 2022 டிசம்பர் 31. இரண்டும் போய்விட்டன. இந்த இடத்தில் பலர் `ITR-U` என்ற புதுப்பித்த விவரத்தைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. கூடுதல் வரி கட்டுவதற்கான வழி அது. அதில் பணம் திரும்பக் கேட்க முடியாது.

மிஞ்சியிருப்பது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 119(2)(b) பிரிவு. தாமதத்தை மன்னித்து, காலம் கடந்த விவரத்தை ஏற்றுக்கொள்ளும்படி கேட்பது. 2024 ஒக்டோபர் 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் வரை அவகாசம். அக்காவின் மதிப்பீட்டு ஆண்டு 2023 மார்ச் 31இல் முடிந்தது. ஆகவே 2028 மார்ச் 31 வரை கேட்கலாம். ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் விடுபட்டிருந்தால் பழையதிலிருந்து தொடங்குங்கள், அதற்குத்தான் நாள் முதலில் முடியும்.

பான் உயிரோடு இருக்கிறதா?

விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். ஆதாருடன் இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தன. வெளிநாட்டில் வாழ்பவருக்கு இணைக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் வரித்துறைப் பதிவில் நீங்கள் இன்னும் இந்தியாவில் வசிப்பவராகவே இருந்தால், உங்கள் பானும் செயலிழந்திருக்கக்கூடும். செயலிழந்த பானுக்குப் பணம் திரும்ப வராது. `incometax.gov.in` தளத்தில் உள்நுழைந்து சுயவிவரத்தில் வசிப்பு நிலையைத் திருத்துங்கள். அதோடு உங்கள் பானுக்குப் பொறுப்பான வரி அதிகாரிக்கு கடவுச்சீட்டுப் பிரதியையும் இலங்கை வதிவிட வீசாப் பிரதியையும் அனுப்பி அறிவியுங்கள். அந்த அதிகாரி யார் என்பதையும் அதே தளத்தில் பானை இட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டில் வாழ்பவரின் கோப்பு சர்வதேச வரிப் பிரிவில் இருக்க வேண்டும். பழைய ஊர் வார்டிலேயே கிடந்தால் மாற்றித் தரும்படி கேளுங்கள். பிழையான அதிகாரிக்குப் போன விண்ணப்பம் அங்கேயே கிடந்துவிடும்.

அப்புறம் உங்கள் பானில் பிடித்த வரியைக் காட்டும் `26AS` அறிக்கையை அந்த மதிப்பீட்டு ஆண்டுக்குத் தரவிறக்குங்கள். வங்கி பிடித்த 24,336 அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வங்கி உங்கள் பானைத் தவறாகப் பதிந்திருக்கலாம். வங்கியே திருத்தம் போட வேண்டும், அதுவரை விண்ணப்பத்தை நிறுத்தி வையுங்கள்.

விண்ணப்பம்: காரணம்தான் உயிர்

ஒரு கோடி ரூபாய் வரையான கோரிக்கைகளை முதன்மை ஆணையர் அல்லது ஆணையர் நிலையில் இருப்பவர் தீர்மானிப்பார். அவர் பார்ப்பது இரண்டு விடயங்கள்: கோரிக்கை உண்மையானதா, உரிய நாளில் தாக்கல் செய்ய முடியாமல் போனதற்கு நியாயமான காரணம் இருந்ததா. மறுத்தால் உங்களுக்கு உண்மையான கஷ்டம் ஏற்படும் என்பதையும் எழுத வேண்டும்.

"எனக்குத் தெரியாது" என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் எடுபடாது. அக்காவுக்கு 2022 ஜூன் முதல் சிக்கலான கர்ப்பம், பொது வைத்தியசாலையில் இரண்டு தடவை அனுமதி, நவம்பரில் பிரசவம் என்று வைப்போம். காரணம் கடைசித் தேதிகளோடு பொருந்துகிறது, அதுதான் முக்கியம். 2023இல் வந்த நோயைக் காட்டி 2022 தாமதத்தை விளக்க முடியாது. பிரசவத்துக்குப் பிறகும் ஏன் இத்தனை காலம் பிந்தியது என்று கேட்பார்கள், அதற்கும் இரண்டு வரி நேர்மையாக எழுதுங்கள். வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்ட், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் இணைக்கலாம். பிரதிகளுக்கு அத்தாட்சி கேட்டால் யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகத்திலோ கொழும்பு இந்திய உயர் ஸ்தானிகராலயத்திலோ பெறலாம்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தால் போதும்:

"2022-23 மதிப்பீட்டு ஆண்டில் என் மொத்த வருமானம் வட்டி 78,000 ரூபாய் மட்டுமே. வரி ஏதும் இல்லை. பிடித்த வரி 24,336 ரூபாய். இந்த வருமானம் வேறு எவருடைய பெயரிலும் வரிக்கு உட்பட்டதல்ல. 119(2)(b) பிரிவின் கீழ் தாமதத்தை மன்னித்து விவரம் தாக்கல் செய்ய அனுமதிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

அனுப்பும்போது இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். வருமானக் கணக்கு, `26AS`, அந்த ஆண்டு வங்கிக் கூற்று, கடவுச்சீட்டில் வந்துபோன முத்திரைப் பக்கங்கள் ஆகியவற்றைச் சேருங்கள். தளத்தில் `Services` பிறகு `Condonation Request` வழியாக ஏற்றலாம். அதே கட்டின் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் ஆணையர் அலுவலகத்துக்கும் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். மதிப்பீட்டு அதிகாரியிடம் அறிக்கை கேட்பார்கள். அவர் உங்களிடம் மேலும் ஆவணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பலாம். விண்ணப்பம் கிடைத்த மாதம் முடிந்து 6 மாதத்துக்குள் கூடியவரை முடிவெடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கான அறிவுறுத்தல்.

உத்தரவு வந்த பிறகு

மன்னித்த உத்தரவு கையில் வந்தாலே பணம் வராது. அதை வைத்து இனித்தான் விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். 2022-23க்கான `ITR-2` படிவம். `ITR-1` இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். வசிப்பு நிலையை வெளிநாட்டில் வாழ்பவர் என்று காட்டி, தாக்கல் பிரிவில் `119(2)(b)` ஐத் தெரிவுசெய்து, உத்தரவு எண்ணையும் தேதியையும் இடுங்கள். சாதாரணத் தாமத விவரமாகத் தெரிவுசெய்தால் காலம் கடந்துவிட்டது என்று ஏற்காது.

தாக்கல் செய்து 30 நாளுக்குள் உறுதிப்படுத்த வேண்டும். ஆதாருடன் இணைந்த இந்தியக் கைபேசி இலக்கம் இப்போது இல்லாதவருக்கு நெட் பேங்கிங் வழி சுலபம். அதுவும் இல்லையென்றால் தாக்கல் செய்ததும் கிடைக்கும் `ITR-V` ஒப்புகைப் படிவத்தை அச்சிட்டுக் கையெழுத்திட்டு பெங்களூரு 560500 மையத்துக்குத் தபாலில் போடுங்கள். இங்கிருந்து போய்ச்சேர நாளெடுக்கும், ஆகவே முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

பணம் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே வரும், என்.ஆர்.ஓ. கணக்கு போதும். இப்படித் தாமதமாகக் கேட்கும் பணத்துக்கு வட்டி கிடையாது, 24,336 மட்டும்தான். கணக்கு மூடியிருந்தாலோ பெயர் பானோடு பொருந்தாவிட்டாலோ பணம் திரும்பிப் போய்விடும். அப்போது கணக்கைத் திருத்திச் சரிபார்த்து, `Services` பகுதியில் `Refund Reissue` கொடுத்தால் மீண்டும் அனுப்புவார்கள்.