முதல் பேட்மின்டன் ராக்கெட் வாங்கும்போது

கடைக்குப் போனதும் கைப்பிடிக்கு மேலுள்ள கூம்பைப் பாருங்கள். 4யு என்றிருந்தால் எடை 80 முதல் 84 கிராம் வரை. புதிதாக ஆடுபவருக்கு அதுவே போதும். 3யு கொஞ்சம் கனம், மணிக்கட்டு சீக்கிரம் களைத்துவிடும்.

அப்புறம் ராக்கெட்டின் தண்டை ஒரு விரல்மேல் படுக்கவைத்து, சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அந்த இடம் 28.5 முதல் 29.5 செ.மீ. தூரத்தில் இருந்தால் எடை சமமாகப் பரவியிருக்கிறது, அதை எடுங்கள். அதைவிட அதிகமென்றால் தலைப்பக்கம் கனம். ஸ்மாஷ் அடிக்க நல்லதுதான், ஆனால் வேகமாக வரும் பந்துக்கு ராக்கெட்டைத் திருப்பவே நேரம் போதாது.

நரம்பை 20 முதல் 22 பவுண்டு இழுவிசையில் கட்டச் சொல்லுங்கள். "27 கட்டினால்தான் பவர்" என்று யாராவது சொல்வார்கள், நம்ப வேண்டாம். இறுக்கம் கூடக்கூட, நடுவில் சரியாகப் பட்டால்தான் பந்து போகும். கொஞ்சம் விலகினாலும் மந்தமாக 'டப்' என்று ஒலித்து பாதிக் கோர்ட்டிலேயே விழும். அதைத் தூக்கியடிக்க முயன்றுதான் முழங்கை வலி வருகிறது.

பழக நைலான் பந்து போதும், இறகுப் பந்து சீக்கிரம் பிய்ந்துவிடும். நைலான் பந்தின் அடியில் உள்ள பட்டையின் நிறம் வேகத்தைக் காட்டும். சூடான காற்றில் பந்து வேகமாகப் பறக்கும் என்பதால் நம் ஊர் வெயிலுக்குப் பச்சை, அதாவது மெதுவானது.

ஓட்டப்பயிற்சி ஷூ மட்டும் வேண்டாம். குதிகால் உயரமாக இருப்பதால் பக்கவாட்டில் பாயும்போது கணுக்கால் பிசகும். தட்டையான, தரையில் கறை படியாத ரப்பர் அடிப்பாகம் உள்ளதாக வாங்குங்கள்.