லாபம் இருந்தும் கையில் காசில்லை: 110 நாள் எங்கே போனது?

திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் நடத்துகிறேன். லாபம் வந்தும் வங்கி ஓ.டி. கடன் எப்போதும் வரம்பின் விளிம்பிலேயே நின்றது. லாப நஷ்டக் கணக்கை மூடிவிட்டு, போட்ட பணம் கைக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகிறது என்று கணக்குப் போட்டேன்.

விற்ற சரக்கின் அடக்கவிலை வருடத்துக்கு 73 லட்சம், அதாவது நாளைக்கு 20,000. கையிருப்பு 12 லட்சம். ஆக 60 நாள். விற்பனை நாளைக்கு 25,000. வரவேண்டிய பாக்கி 21 லட்சம். இதில் 5% ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கும், விற்பனைத் தொகையில் இருக்காது. அதைக் கழித்தால் 20 லட்சம், 80 நாள். மொத்தம் 140. நூல் கடைக்காரர் தரும் 30 நாள் கடனைக் கழித்தால், நம் பணம் 110 நாள் வெளியே நிற்கிறது. மார்ச் கடைசியில் சரக்கு குறைவாக இருக்கும் என்பதால் மாதக் கடைசி இருப்புகளின் சராசரியையே எடுத்தேன்.

கையிருப்பைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. முடிந்துபோன ஆர்டர்களில் மிஞ்சிய சாயத்துணி மட்டும் 4 லட்சம். வந்த விலைக்குத் தள்ளினேன். அடக்கம் முழுசாகத் திரும்பவில்லை, ஆனால் 20 நாள் குறைந்தது. பாக்கியில் பாதி இரண்டே பார்ட்டிகளிடம். அவர்களுக்குப் பழைய பில் தீர்ந்த பிறகுதான் அடுத்த லோடு.