பியரில் டொபி, நனைந்த மட்டை, அவித்த சோளன்: காய்ச்சுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாசிக்குடாவில் ஒரு விடுதியின் களஞ்சியத்தைக் கவனிக்கும் தம்பி ஒருவர், ஒரு போத்தலைத் திறந்து என்னிடம் நீட்டி, “அண்ணன், இது நனைஞ்ச மட்டைப்பெட்டி மாதிரி மணக்குது, திகதி இன்னும் முடியல்லயே” என்றார். வெளிநாட்டில் ஒரு பியர் ஆலையின் நொதித்தல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பியவன் என்பதால் என்னிடம் கேட்டார். அந்தப் போத்தலில் இருந்த பியர், ஆலையில் அடைக்கப்பட்ட நாளில் அப்படி மணந்திருக்காது. பியரில் அடிக்கடி குறைகூறப்படும் பட்டர்ஸ்கொச் டொபி, நனைந்த மட்டை, அவித்த சோளன் ஆகிய மூன்று மணங்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு: மணக்கும் பொருள் பிறப்பதற்கு முன்னரே, மணமே இல்லாத அதன் மூலப்பொருள் பியரினுள் இருக்கிறது. ஆகவே இன்று சுவைத்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவெடுப்பதே காய்ச்சுவோர் செய்யும் முதல் தவறு.

அவித்த சோளன் மணம் காய்ச்சும் பானையிலேயே தொடங்குகிறது. வீதியோரத்தில் சோளன் அவிக்கும் பானையின் மூடியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் ஆவியின் மணத்துக்கும் இதற்கும் காரணம் ஒன்றே, டைமெதைல் சல்பைட்டு என்ற கந்தகச் சேர்வை. பார்லி முளைக்கும்போது அதன் மூலப்பொருள் உருவாகிறது. முளையைக் கடும் வெப்பத்தில் உலர்த்தினால் அதில் பெரும்பகுதி அழிந்துவிடும், ஆனால் வெளிர்நிற லாகர் பியருக்கான பில்ஸ்னர் மோல்ட் என்ற உலர்முளையை மென்மையாகவே உலர்த்துவதால் அதில் நிறைய எஞ்சியிருக்கும். மோல்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறாகிய வோர்ட் கொதிக்கும்போது, அந்த மூலப்பொருள் ஏறத்தாழ 40 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஒரு மணி நேரக் கொதியில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சும். 90 நிமிடங்களில் ஐந்தில் ஒரு பங்குதான் எஞ்சும். பிறக்கும் சேர்வை 37 பாகை செல்சியசிலேயே ஆவியாகக்கூடியது என்பதால் திறந்த பானையிலிருந்து எளிதாக வெளியேறுகிறது. எரிபொருளை மிச்சம் பிடிக்க மூடி போட்டால், ஆவி மூடியில் படிந்து மீண்டும் வோர்ட்டுக்குள்ளேயே சொட்டுகிறது. கொதி நின்ற பின்னர் வோர்ட்டைச் சூடாகவே வைத்திருப்பதும் அதே அளவு தவறு, ஏனெனில் மூலப்பொருள் தொடர்ந்து உடையும், ஆனால் அதை வெளியே கொண்டுசெல்லும் கொதி இராது. மூடியில்லாமல் 90 நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, உடனே விரைவாகக் குளிரூட்டினால் பெரும்பாலும் இந்தக் கதை முடிந்துவிடும். அதன் பின்னும் மணம் அவித்த கோவாவைப் போல வந்தால், குளிர்ந்த வோர்ட்டில் பற்றீரியா புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பட்டர்ஸ்கொச் மணத்தைப் பற்றிச் சற்று நிறையச் சொல்ல வேண்டும், ஏனெனில் அனுபவசாலிகளும் இதில்தான் ஏமாறுகிறார்கள். இதற்குக் காரணமான டயசிற்றைல், செயற்கை பட்டர் வாசனைகளில் சேர்க்கப்படும் அதே பொருள். மெல்லிய லாகர் ஒரு லீற்றரில் ஒரு கிராமின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரும்பாலோரின் நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். மதுவம் வளரும்போது தனக்குத் தேவையான வலின் என்ற அமினோ அமிலத்தை ஆக்குகிறது. அந்த வேலையின் இடையில் உருவாகும் அசற்றோலக்ற்றேற்று என்ற பொருளில் கொஞ்சம் பியருக்குள் கசிகிறது. கசிந்தது மதுவத்தின் உதவி இல்லாமல், தானாகவே, மெதுவாக டயசிற்றைலாக மாறுகிறது. அந்த டயசிற்றைலை மதுவம் மீண்டும் உறிஞ்சி மணமற்ற பொருளாக மாற்றிவிடும். மாற்றம் மெதுவாக நடக்கிறது, துப்புரவாக்குவதற்கோ உயிருள்ள மதுவம் அருகில் இருக்க வேண்டும் என்பதே இதில் உள்ள சிக்கல்.

நான் வேலை செய்த ஆலையில் இது நடந்தது. நொதித்துச் சீனி குறையக் குறைய பியரின் அடர்த்தி இறங்கும். 1.048 அடர்த்தியில் தொடங்கிய லாகர் ஒன்று 11 பாகையில் நொதித்து, ஏழாம் நாள் 1.012 இல் நின்றது, 1.010 வரை இறங்கியிருக்க வேண்டும். தாங்கி அவசரமாகத் தேவைப்பட்டதால், சுவைத்துப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது, உடனே குளிரூட்டி மதுவத்தை அடியில் படியவிட்டு, வடித்து அடைத்தோம். மூன்று வாரம் கழித்துக் களஞ்சியத்தில் இருந்த போத்தல்கள் அனைத்தும் டொபி மணத்தன. எஞ்சியிருந்த மூலப்பொருள் போத்தலுக்குள் டயசிற்றைலாக மாறியிருந்தது, அதை உண்ண மதுவம் இருக்கவில்லை. அடைத்த பியரைக் காப்பாற்ற வழியே இல்லை. அடைக்காமல் வேறொரு தாங்கியில் எஞ்சியிருந்ததற்கு மட்டும், முழுவீச்சில் நொதித்துக்கொண்டிருந்த இளம் பியரைப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து, இளஞ்சூட்டில் வைத்துச் சரிசெய்தோம்.

செய்திருக்க வேண்டியது இதுதான். அடர்த்தி முடிவை நெருங்கும்போது வெப்பநிலையை 16 பாகை அளவுக்கு உயர்த்தி, இரண்டு மூன்று நாட்கள் மதுவத்துடனேயே விட்டிருக்க வேண்டும். அதன் பின்னர் இரு சிறு குவளைகளில் பியரை எடுத்து, ஒன்றை மூடி 65 பாகை வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, பிறகு மற்றதன் வெப்பநிலைக்கு ஆறவிட்டு, இரண்டையும் அடுத்தடுத்து முகர வேண்டும். சூடாக்கியதில் மட்டும் டொபி மணம் வந்தால் மூலப்பொருள் இன்னும் இருக்கிறது, காத்திருக்க வேண்டும். இரண்டிலும் வந்தால் மதுவத்தின் வேலை பாதியில் நிற்கிறது. இரண்டிலும் வராவிட்டால் மட்டுமே குளிரூட்டலாம். ஒரு தேநீர்க் கெண்டியும் ஒரு வெப்பமானியும் போதும் இந்தச் சோதனைக்கு, ஆனாலும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுதான். ஆலையில் சுத்தமாக இருந்த பியர் விடுதியின் குழாயிலிருந்து வரும்போது மட்டும் டொபி மணத்தால், குற்றம் பெரும்பாலும் கழுவப்படாத குழாயில் வளர்ந்த பற்றீரியாவினுடையது.

நனைந்த மட்டை மணம்தான் நம் கிழக்குக் கரையை நேரடியாகத் தொடுகிறது. மோல்ட்டின் கொழுப்பமிலங்கள் ஒட்சிசனோடு சேர்ந்து உடைவதால் வரும் நொனெனல் என்ற அல்டிகைட்டு, லீற்றருக்கு ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே நாக்குக்குத் தெரிகிறது. பியரில் மறைந்து பிணைந்திருக்கும் நொனெனலும் நாளடைவில் விடுபட்டு இதோடு சேர்கிறது. நொதித்தல் முடிந்த பின்னர் பியரைத் தெறிக்கவிட்டு ஊற்றுவதும், காபனீரொட்சைட்டால் காற்றை வெளியேற்றாத போத்தலில் நிரப்புவதும் இங்கே பெருந்தவறுகள். போத்தலின் கழுத்துவரை நுரை பொங்கியதும் அந்த நுரையின் மேலேயே மூடியை அழுத்தினால் உள்ளே காற்று தங்காது. நல்ல ஆலைகள் அடைத்த பியரில் ஒட்சிசனை லீற்றருக்கு 0.05 மில்லிகிராமுக்குக் கீழே வைக்க முயல்கின்றன.

அதற்குப் பின் எஞ்சுவது வெப்பம். ஏறத்தாழ 32 பாகையில் மூன்று நாட்கள், 22 பாகையில் முப்பது நாட்கள், 3 பாகையில் முந்நூறு நாட்கள் ஆகியவை பியரை ஒரே அளவுக்கு முதுமையாக்கும் என்பது காய்ச்சுவோர் கைவசம் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. தகரக் கூரையின் கீழ் இருக்கும் அந்தப் பாசிக்குடாக் களஞ்சியம் நண்பகலில் 32 பாகையை எளிதில் தாண்டும், லொறியின் தார்ப்பாய்க்குள் கழிந்த நாளும் இந்தக் கணக்கில் சேரும். அடுத்த முறை பியர் இறக்கிய அன்றே ஒரே பெட்டியிலிருந்து ஒரு போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியிலும் இன்னொன்றைக் களஞ்சியத்திலும் வைத்து, ஒரு மாதம் கழித்து இரண்டையும் ஒரே குளிருக்குக் கொண்டுவந்து முகர்ந்து பார்க்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். குளிரில் இருந்ததும் மட்டை மணத்தால் ஆலையைக் கேட்க வேண்டும். களஞ்சியத்தில் இருந்தது மட்டும் மணத்தால் பெட்டிகளை இடம் மாற்ற வேண்டும்.