கிரியேட்டின் வாங்கும் முன் டப்பாவில் எதைப் பார்ப்பது?

டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். பெரிய எழுத்தில் "அல்ட்ரா ப்யூர்", "லேப் டெஸ்டட்" என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், எந்த லேப் என்று சொல்லாதவரை அதற்கு மதிப்பே இல்லை. நேராகத் திருப்பிப் பின்பக்கம் போங்கள்.

முதலில் சேர்மானப் பட்டியல். ஃபிளேவர் இல்லாத பவுடர் என்றால் அதில் "கிரியேட்டின் மோனோஹைட்ரேட்" மட்டும்தான் இருக்க வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரின், சர்க்கரை, டாரின் எல்லாம் வரிசையாக வந்தால் அது கலவை. "ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்" என்று மொத்த எடையை மட்டும் போட்டு எது எவ்வளவு என்று சொல்லாத டப்பாவை அங்கேயே வைத்துவிடலாம்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஸ்கூப்பின் எடையையும் அதில் இருக்கும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்கூப் 5 கிராம், மோனோஹைட்ரேட் 3 கிராம் என்றால் மீதி 2 கிராம் வேறு ஏதோ, அதாவது 250 கிராம் டப்பாவில் உங்களுக்குக் கிடைப்பது 150 கிராம்தான். ஆனால் "மோனோஹைட்ரேட் 3 கிராம், அதில் கிரியேட்டின் 2.64 கிராம்" என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், மோனோஹைட்ரேட்டின் எடையில் சுமார் 12 சதவீதம் அதனுடன் பிணைந்திருக்கும் நீர், எனவே அந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது.

இப்போது முத்திரை. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள், ஏனென்றால் எல்லா முத்திரையும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ 14 இலக்க எண் கட்டாயம் இருக்க வேண்டியதுதான், ஆனால் அது நிறுவனத்தின் உரிமம், உங்கள் கையில் இருக்கும் டப்பாவைச் சோதித்ததற்கான சான்று அல்ல. ஜிஎம்பியும் தொழிற்சாலை நடைமுறையைத்தான் சொல்கிறது. இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், ஒவ்வொரு பேட்சையும் விளையாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களுக்காகச் சோதிக்கிறது. விளையாட்டு வீரருக்கு அது பெரிய விஷயம், ஆனால் கிரியேட்டின் எத்தனை சதவீதம் என்று அது சொல்வதில்லை. என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் தடைப் பொருட்களோடு, லேபிளில் சொன்ன அளவு உள்ளே இருக்கிறதா, ஈயம் போன்ற கன உலோகங்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்றும் பார்க்கிறது. தூய்மைதான் உங்கள் கேள்வி என்றால் நான் இதற்கே அதிக மதிப்புக் கொடுப்பேன். கிரியாப்யூர் என்பதோ மூலப்பொருளின் பெயர், ஜெர்மனியின் ஆல்ஸ்கெம் நிறுவனம் தயாரிப்பது, நல்ல சரக்குதான், ஆனால் அது மூன்றாம் தரப்புச் சோதனை அல்ல.

முத்திரையைப் பார்த்ததோடு நிற்காதீர்கள், படத்தை யாரும் ஒட்டலாம். டப்பாவின் அடியிலோ கழுத்திலோ இருக்கும் பேட்ச் எண்ணைப் பார்த்து, இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் என்றால் wetestyoutrust.com தளத்திலும் என்எஸ்எஃப் என்றால் nsfsport.com தளத்திலும் தேடுங்கள். பிராண்டு பெயர் வந்தால் மட்டும் போதாது, அதே பொருள், அதே ஃபிளேவர் வர வேண்டும். ஒரே நிறுவனத்தின் சாதா பவுடருக்குச் சான்று இருந்து ஆரஞ்சு ஃபிளேவருக்கு இல்லாமல் இருக்கலாம்.

முத்திரையே இல்லாத பிராண்டு பிடித்திருந்தால், அந்த பேட்சின் பகுப்பாய்வுச் சான்றிதழை மெயிலில் கேளுங்கள். அதில் கிரியேட்டினின், டைசயன்டையமைடு, டைஹைட்ரோட்ரையசின் ஆகிய மாசுகளின் அளவுகள் இருக்கின்றனவா, பேட்ச் எண் டப்பாவோடு ஒத்துப்போகிறதா, சோதித்த லேபின் பெயர் நிறுவனத்தின் பெயராகவே இருக்கிறதா என்று பாருங்கள். அனுப்ப மறுத்தால் வேறு டப்பாவுக்குப் போய்விடுங்கள்.