நெட் வேகா பூஜ்யம், ஆனால் நஷ்டம்: பல எக்ஸ்பைரி உள்ள ஆப்ஷன் புக்கைச் சமன் செய்வது எப்படி

ஆப்ஷன் விற்றுப் பழகியவர்கள் சீக்கிரமே ஒரு வேலையைக் கற்றுக்கொள்வார்கள். கிட்ட எக்ஸ்பைரியில் விற்றதற்கு ஈடாகத் தூர எக்ஸ்பைரியில் வாங்கி, நெட் வேகாவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். சாஃப்ட்வேர் திரையில் வேகா கட்டத்தில் கிட்டத்தட்ட 0 தெரியும், நிம்மதியாக இருக்கும். அப்புறம் ஒரு நாள் சந்தை பயந்துவிடும், அதே 0-வோடு நஷ்டம் வரும். அது ஏன், எதைச் சமன் செய்தால் அது குறையும் என்பதை ஒரு நிஃப்டி கணக்கை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ஒவ்வொரு எக்ஸ்பைரியின் வேகாவைத் தனியாக எழுதுங்கள்

வேகா என்பது, ஐவி ஒரு புள்ளி மாறினால் (13%-லிருந்து 14% ஆனால்) ஆப்ஷன் விலை எத்தனை ரூபாய் மாறும் என்பது. ஸ்பாட்டுக்குப் பக்கத்து ஸ்ட்ரைக்குக்கு மனக்கணக்காகவே போடலாம்:

```
vega ≈ 0.004 × S × √(days/365)
```

நிஃப்டி 24,000 என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் ஆப்ஷன் ஒன்றுக்கு வேகா சுமார் 27.5, 90 நாளுக்கு 47.5. கால், புட் இரண்டும் சேர்ந்த ஸ்ட்ராடிலுக்கு அதுவே 55, 95. லாட் 75 என்று எடுத்துக்கொள்கிறேன். பங்குச் சந்தை லாட் அளவை அவ்வப்போது மாற்றும், உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியென்றால் ஒரு லாட் ஸ்ட்ராடிலின் வேகா 30 நாளுக்கு ரூ. 4,125, 90 நாளுக்கு ரூ. 7,125.

இப்போது 90 நாள் ஸ்ட்ராடில் 10 லாட் வாங்குகிறோம். வேகா +71,250. அதைச் சமன் செய்ய 30 நாள் ஸ்ட்ராடிலை 17 லாட் விற்கிறோம். வேகா −70,125. மிச்சம் +1,125. திரை பார்த்தால் அழகாக இருக்கும்.

படி 2: அந்தக் கூட்டல் எதை நம்பியிருக்கிறது என்று பாருங்கள்

−70,125-ஐயும் +71,250-ஐயும் கூட்டும்போது ஒரு விஷயத்தைச் சொல்லாமலே ஏற்றுக்கொள்கிறோம்: 30 நாள் ஐவி ஒரு புள்ளி ஏறினால் 90 நாள் ஐவியும் அதே ஒரு புள்ளி ஏறும் என்று. அப்படி நடப்பது அபூர்வம். சந்தை ஒரே நாளில் சரிந்தால் அந்தப் பதற்றம் அடுத்த சில வாரங்களுக்குத்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூன்று மாதம் முழுவதும் அதே வேகத்தில் ஆட்டம் இருக்கும் என்று யாரும் விலை வைப்பதில்லை. அதனால் கிட்ட ஐவி நிறைய ஏறும், தூர ஐவி கொஞ்சம் ஏறும். எக்ஸ்பைரி வாரியாக ஐவிகளை வரிசையாக வைத்தால் கிடைக்கும் கோட்டைத்தான் டெர்ம் ஸ்ட்ரக்சர் என்கிறோம். சாதாரண நாட்களில் தூரப் பக்கம் சற்று உயர்ந்திருக்கும் அந்தக் கோடு, பயத்தில் தலைகீழாகக் கவிழும்.

பழக்கத்தில் உள்ள தோராய விதி: ஐவியின் அசைவு, நாட்களின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். 30 நாள் ஐவி 6 புள்ளி ஏறினால் 90 நாள் ஐவி 6 × √(30/90), அதாவது சுமார் 3.5 புள்ளி ஏறும். நம் புக்கில் போட்டுப் பாருங்கள். விற்ற பக்கம் 6 × 70,125 = 4,20,750 நஷ்டம். வாங்கிய பக்கம் 3.5 × 71,250 = 2,49,375 லாபம். மொத்தத்தில் ரூ. 1.7 லட்சம் போச்சு, அதுவும் வேகா "பூஜ்யம்" என்று காட்டிய புக்கில்.

படி 3: வேகாவுக்கு எடை போடுங்கள்

எல்லா எக்ஸ்பைரிகளையும் 30 நாள் ஐவியின் அசைவில் அளந்து பாருங்கள். ஒவ்வொரு வேகாவையும் கூட்டுவதற்கு முன் ஒரு எடையால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்.

```python
weight = (30 / days) ** 0.5
wvega = lots * lot_size * vega * weight
```

90 நாளுக்கு எடை 0.577. ஸ்ட்ராடில் வேகா 95-ஐ அதால் பெருக்கினால் 55 வருகிறது. 30 நாள் ஸ்ட்ராடிலின் வேகாவும் 55. இது தற்செயல் இல்லை. ஸ்பாட் ஸ்ட்ரைக்கின் வேகா நாட்களின் வர்க்கமூலத்தோடு வளர்கிறது, எடை அதே வர்க்கமூலத்தால் குறைகிறது, இரண்டும் அடிபட்டுப்போகின்றன. அதனால் இந்த விதிப்படி சமன் என்பது 10-க்கு 17 இல்லை, 10-க்கு 10. சாதாரண ஒன்றுக்கு ஒன்று காலண்டர்!

சரி, 10-க்கு 10 போட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. எடை போடாத வேகா இப்போது +30,000. எல்லா எக்ஸ்பைரிகளும் சேர்ந்து 2 புள்ளி இறங்கினால், அமைதியான மாதங்களில் இப்படி மெல்ல இறங்குவது உண்டு, ரூ. 60,000 போகும். ஒரு வகை அசைவுக்குச் சமன் செய்தால் இன்னொன்றுக்குக் கதவு திறக்கிறது. எந்தக் கதவைத் திறந்து வைப்பது என்று தெரிந்து முடிவு செய்வதுதான் நம் வேலை.

படி 4: நிகழ்வு நாள் ஒன்று உள்ளே இருந்தால்

தேர்தல் முடிவு, பட்ஜெட் மாதிரி தேதி தெரிந்த நிகழ்வு இருக்கும்போது வர்க்கமூல விதியும் சரிவராது. காரணம் எளிது. ஐவியின் வர்க்கத்தை நாட்களால் பெருக்கினால் வருவது மொத்த வேரியன்ஸ், அது கூட்டிக்கொள்ளும் தன்மை உள்ளது. நிகழ்வு அதில் ஒரு குறிப்பிட்ட கட்டியைச் சேர்க்கிறது. அந்தக் கட்டி 30 நாளில் பரவினால் தடிமனாகவும் 90 நாளில் பரவினால் மெலிதாகவும் தெரியும்.

சாதாரண ஐவி 13%, நிகழ்வு நாளில் மட்டும் கூடுதலாக 3% அசைவு எதிர்பார்க்கப்படுகிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் 30 நாள் ஐவி 16.7%, 90 நாள் ஐவி 14.3%. நிகழ்வு முடிந்ததும் இரண்டும் 13%-க்கு வரும். அதாவது 3.7 புள்ளி, 1.3 புள்ளி இறக்கம். விகிதம் கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. இங்கே எடை வர்க்கமூலத்தில் இல்லை, நேராக நாட்களின் விகிதத்திலேயே போகிறது.

மூன்று அசைவுகளிலும் இரண்டு புக்கும் வேகாவால் மட்டும் என்ன ஆகின்றன என்று பாருங்கள்:

| அசைவு | விற்பனை 17, வாங்கல் 10 | விற்பனை 10, வாங்கல் 10 |
|---|---|---|
| எல்லாம் 2 இறக்கம் | −2,250 | −60,000 |
| பயம்: கிட்ட +6, தூர +3.5 | −1,71,375 | +1,875 |
| நிகழ்வு முடிவு: −3.7, −1.3 | +1,66,838 | +60,000 |

கடைசி வரியைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது வேகா மட்டும். நிஃப்டி அசைவதால் வரும் காமா நஷ்டம் அதில் இல்லை. 17-க்கு 10 புக்கில், சாதாரண ஐவி அளவில், நிஃப்டி 1% அதாவது 240 புள்ளி நகர்ந்தால் காமாவால் சுமார் ரூ. 22,000 போகும். 10-க்கு 10-ல் அது சுமார் ரூ. 8,000. நகர்வு இரட்டிப்பானால் நஷ்டம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் 3%-க்கு மேல் ஏறிய நிஃப்டி அன்று ஏறத்தாழ 6% விழுந்தது. இந்தியா விக்ஸ் நடுவில் 30-ஐத் தாண்டி, அந்த வாரம் முடிவதற்குள் 17 அருகே வந்துவிட்டது. கிட்ட ஐவி உடைந்தது உண்மை, ஆனால் அது உடைவதற்குள் இவ்வளவு பெரிய நகர்வு விற்றவரின் லாபத்தை விழுங்கிவிடும். வேகாவைச் சமன் செய்தால் காமா சமனாகிவிடும் என்று நினைப்பதுதான் ஆரம்பத்தில் பலரும் செய்யும் தவறு.

படி 5: உங்கள் எடையை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

வர்க்கமூலம் ஒரு தொடக்கப் புள்ளிதான். ஒரு ஷீட்டில் கடைசி 60 வர்த்தக நாட்களுக்கு, 30 நாள் ஐவியின் தினசரி மாற்றத்தை B பத்தியிலும் 90 நாள் ஐவியின் மாற்றத்தை C பத்தியிலும் எழுதி இதைப் போடுங்கள்:

```
=SLOPE(C2:C61,B2:B61)
```

வருவதுதான் 90 நாளுக்கான உங்கள் எடை. 0.7 என்று வந்தால் 10 லாட்டுக்கு எதிராக விற்க வேண்டியது 7,125 × 10 × 0.7 ÷ 4,125, அதாவது 12 லாட். நிகழ்வு நாட்களை இந்த 60-லிருந்து நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வகை அசைவும் கலந்து எதற்கும் உதவாத ஓர் எண் வரும்.

இங்கே ஒரு பொறி உண்டு. தூர எக்ஸ்பைரியில் வர்த்தகம் குறைவு. கடைசியாக நடந்த விலையை வைத்து ஐவி எடுத்தால் அது காலையில் நடந்த விலையாக இருக்கலாம். அப்போது தூர ஐவி அசையவே இல்லை என்று தோன்றும், எடை பொய்யாகக் குறையும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவை எடுங்கள். அதேபோல் ஒவ்வொரு எக்ஸ்பைரிக்கும் அதனதன் ஃபியூச்சர் விலையை வைத்து ஐவி கணக்கிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஸ்பாட்டையே போட்டால் கால் ஐவியும் புட் ஐவியும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். தவறு நடந்திருப்பதை அதிலேயே கண்டுகொள்ளலாம்.

படி 6: நிஃப்டி நகர்ந்ததும் மறுபடி எண்ணுங்கள்

நம் 10-க்கு 10 சமன், ஸ்ட்ரைக் ஸ்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வரைதான். 15 நாள் கழித்து நிஃப்டி 3% ஏறி 24,720-ல் நிற்கிறது என்று வையுங்கள். மிச்சம் 15 நாள் உள்ள 24,000 ஸ்ட்ராடில், அதே நாட்கள் மிச்சமுள்ள ஸ்பாட் ஸ்ட்ராடிலின் வேகாவில் ஏறக்குறைய பாதியைத்தான் வைத்திருக்கும். 75 நாள் உள்ளது சுமார் 13%-தான் இழந்திருக்கும். எடை போட்ட பிறகும் புக் இப்போது வேகா வாங்கிய பக்கம் சாய்ந்துவிட்டது. யாரும் ஒரு ஆர்டர்கூடப் போடவில்லை, இருந்தும் சமன் போய்விட்டது.

நான் 24,000 ஸ்ட்ராடிலில் பாதியை மூடிவிட்டு, 24,700 ஸ்ட்ரைக்கில் அதை மறுபடி விற்பேன். தூரப் பக்கத்தைத் தொடமாட்டேன், அங்கே உள்ளே போய் வெளியே வரும் செலவு அதிகம். தினமும் இதைச் செய்தால் தரகுக் கட்டணமே தின்றுவிடும். எடை போட்ட வேகா, நீங்கள் ஒரு நாளில் தாங்கக்கூடிய நஷ்டத்தை 3 புள்ளியால் வகுத்து வரும் எண்ணைத் தாண்டும்போது மட்டும் கை வையுங்கள். ரூ. 30,000 தாங்குவீர்கள் என்றால் எல்லை 10,000.

கிட்ட எக்ஸ்பைரியின் கடைசி நாள் வரை இதை இழுக்க வேண்டாம். செபியின் 2024 அக்டோபர் சுற்றறிக்கைப்படி, அன்று முடியும் ஒப்பந்தத்துக்குக் காலண்டர் ஸ்ப்ரெட் மார்ஜின் சலுகை எக்ஸ்பைரி நாளில் கிடையாது. இது 2025 பிப்ரவரி 1-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அன்று காலை கூடுதல் மார்ஜின் கேட்டு அழைப்பு வரும். அந்த அவசரத்தில் மூடும் ஆப்ஷனுக்கு நல்ல விலை கிடைக்காது. அதனால் நான் முந்தைய நாள் மதியமே விற்ற பக்கத்தை அடுத்த எக்ஸ்பைரிக்கு மாற்றிவிடுகிறேன், அப்படி மாற்றியதும் நாட்கள் மாறிவிட்டதால் மறுபடி படி 1-லிருந்து எண்ணுகிறேன்.