முன்கதைச் சுருக்கம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் ஆட்டத்தைச் சேலத்தில் எனக்குத் தெரிந்த இளைஞர்கள் சிலர் அண்மையில் ஆடத் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். நடுவில் தேர்வோ திருமணமோ வந்துவிட்டால் இடைவெளி ஒரு மாதமாக நீண்டுவிடுகிறது. அதற்குள் யார் எந்த அறையில் நின்றார்கள், சாவி யாரிடம் இருந்தது என்பதெல்லாம் மறந்துவிடும் என்பதால், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் முன்கதைச் சுருக்கம் ஒன்றை எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அவர்கள் எழுதிய சிலவற்றைப் படித்தபோது, தொடக்கத்தில் நான் செய்த தவறுகளே மீண்டும் நடப்பதைக் கண்டேன். எழுத்துப்பிழையையும் பெயர்க் குழப்பத்தையும் ஆட்டக்காரர்களே திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிட்டு, ஆட்டத்தையே கெடுக்கக்கூடியவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பகடை எண்களை எழுதுவது

வேண்டாம். 17 விழுந்தது என்பதை எவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். கயிறு அறுந்ததை எல்லோரும் வைத்திருப்பார்கள்.

மேசையில் வெளிவராத உண்மையை எழுதிவிடுவது

இன்றும் எனக்குக் கோபத்தை வரவழைப்பது இந்தத் தவறுதான். கேம் மாஸ்டருக்குக் கதையின் உள்விவரம் முழுவதும் தெரியும். ஆட்டக்காரர்களுக்கோ, மேசையில் அவர் சொல்லிக் கேட்டது மட்டுமே தெரியும். தம் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் சுருக்கம் எழுத உட்கார்ந்தால், எது எல்லோருக்கும் தெரிந்தது, எது தமக்கு மட்டும் தெரிந்தது என்பது அவருக்கே பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும்.

நான் ஆட்டக்காரனாக இருந்த ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். கதை நடந்த இடம் சேர்வராயன் மலை. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த 1820களை ஒட்டி, எங்கள் கேம் மாஸ்டர் ஒரு கற்பனைத் தோட்டத்தை உருவாக்கியிருந்தார். குழுவில் ஒருவர் மருத்துவச்சி, ஒருவர் நில அளவையாளர், ஒருவர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டி. நான் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. கூலி கொடுக்க வைத்திருந்த பணப்பெட்டி காணாமல் போயிருந்தது. இரவுக் காவல்காரரை விசாரித்தோம். தோட்டத்தை விட்டு நகரவே இல்லை என்றார். அவருடைய செருப்பைப் பார்க்க விரும்புவதாக வழிகாட்டி சொன்னார்; ஓரத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கிறது என்று கேம் மாஸ்டர் பதில் சொன்னார். காவல்காரர் உண்மை பேசுகிறாரா என்று முகத்தைப் பார்த்து அறிய மருத்துவச்சி முயன்றார். பகடை கைவிட்டதால் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நேரமாகிவிட்டபடியால் ஆட்டம் அத்துடன் நின்றது.

சேலத்தில் வளர்ந்த ஒருவர் அந்தத் தூளைப் பற்றிச் சற்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். மலைமேல் இருப்பது செம்மண். வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், இருப்பது அடிவாரத்தில். அப்படியானால் காவல்காரர் மலையை விட்டு இறங்கியிருக்கிறார். இதை நாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் கேம் மாஸ்டர் அந்தத் தூளைச் செருப்பில் வைத்திருந்தார். ஆனால் மறுநாள் அவர் அனுப்பிய சுருக்கத்தில் இப்படி இருந்தது:

> தோட்டத்தை விட்டு நகரவே இல்லை என்று காவல்காரர் பொய் சொன்னார். அடிவாரத்து வெள்ளைக்கல் தூள் அவருடைய செருப்பில் ஒட்டியிருந்ததை வழிகாட்டி கண்டுபிடித்தார்.

இவற்றில் ‘பொய்’ என்பதும் ‘அடிவாரத்து வெள்ளைக்கல்’ என்பதும் மேசையில் எவர் வாயிலிருந்தும் வரவில்லை. இரண்டும் குறிப்பேட்டிலிருந்து நேராகச் சுருக்கத்துக்கு வந்தவை. அடுத்த முறை கூடியதும் எங்கள் குழு காவல்காரரைப் பிடித்துத் தூணில் கட்டியது, அவரும் ஒப்புக்கொண்டார். மலைப்பாதையில் தடம் பார்த்து இறங்குவது, அடிவாரத்துச் சாவடியில் விசாரிப்பது என்று கேம் மாஸ்டர் உழைத்து ஆயத்தம் செய்திருந்த காட்சிகள் எவையும் பயன்படவில்லை. எப்படி இவ்வளவு உறுதியாக இருந்தீர்கள் என்று அவர் வருத்தத்துடன் கேட்டபோது, எங்களில் இளையவர், “நீங்களே எழுதியிருந்தீங்களேங்க அண்ணா, அவன் பொய் சொன்னான்னு” என்றார்.

அந்த ஆட்டக்காரரைக் குறை சொல்ல முடியாது. மேசையில் கேம் மாஸ்டர் காவல்காரரின் குரலில் பேசும்போது, அந்தப் பேச்சை நம்பலாமா வேண்டாமா என்று நாம் யோசிக்கிறோம். சுருக்கத்தில் அவர் தம் சொந்தக் குரலில் எழுதுகிறார். கதையுலகில் என்ன நடந்தது என்பதை முடிவு செய்பவரும் அவரே. ஆகவே அங்கே எழுதப்படும் ஒவ்வொரு வரியும் தீர்ப்பாகிவிடுகிறது. ஆட்டக்காரர்களின் ஊகம் சரியாக இருந்தாலும் இதே கேடுதான் விளையும். மருத்துவச்சி சந்தேகப்பட்டார் என்பதற்குப் பதிலாக மருத்துவச்சி கண்டுபிடித்தார் என்று எழுதினால், அவர் அடுத்த முறை ஆதாரம் தேட வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

இதைத் தவிர்க்க நான் பின்பற்றும் முறை எளியது. குறிப்பேட்டை மூடிவிட்டு, மேசையில் நடந்ததை மட்டும் வைத்து எழுதுவேன். எழுதியபின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது கண்டதா, கேட்டதா, ஊகித்ததா என்று பார்ப்பேன். கண்டதை நேராக எழுதலாம். கேட்டதைச் சொன்னவர் பெயரோடு எழுத வேண்டும். ஊகித்ததை ஊகித்தவர் பெயரோடு எழுத வேண்டும். இம்மூன்றிலும் சேராத வரி ஏதேனும் இருந்தால், அது குறிப்பேட்டிலிருந்து கசிந்தது. அதை அடித்துவிட வேண்டும். மேலே உள்ள பகுதியை இம்முறையில் எழுதினால் இப்படி வரும்:

> இரவில் தோட்டத்தை விட்டு நகரவே இல்லை என்று காவல்காரர் சொன்னார். அவருடைய செருப்பின் ஓரத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்ததை வழிகாட்டி பார்த்தார். காவல்காரரின் முகத்திலிருந்து மருத்துவச்சிக்கு எதுவும் பிடிபடவில்லை. அலுவலகப் பின்கதவின் தாழ்ப்பாள் உள்பக்கமாகப் போடப்பட்டிருந்தது. அது கணக்குப்பிள்ளைக்கு விந்தையாகப் பட்டது.

‘சொன்னார்’ என்ற சொல்லில் சாய்வு இல்லை. ‘நகரவே இல்லையாம்’ என்று எழுதியிருந்தால், எழுதுபவர் நம்பவில்லை என்பது அந்த ஓர் ஒலியிலேயே தெரிந்துவிடும். ‘சமாளித்தார்’, ‘மழுப்பினார்’ ஆகியவையும் அப்படியே.

இதைவிடக் கண்ணுக்குப் படாத கசிவு ஒன்று உண்டு. அன்று நாங்கள் செருப்பை மட்டுமா பார்த்தோம்? தாழ்ப்பாளைப் பார்த்தோம், அணைந்து கிடந்த விளக்கை முகர்ந்தோம், பேரேட்டைப் புரட்டினோம். இவற்றுள் கதைக்கு உதவும் ஒன்றை மட்டும் சுருக்கத்தில் எழுதினால், ஒரு சொல்லும் தவறாக இல்லாதபோதே விடை வெளிப்பட்டுவிடுகிறது. எதை எழுதுவது என்பதை உங்கள் கதையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆட்டக்காரர்களின் கவனத்தை வைத்து முடிவு செய்யுங்கள். அவர்கள் எதைத் தொட்டார்கள், எதைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டார்கள், எதைத் தாளில் குறித்துக்கொண்டார்கள் என்பவையே சுருக்கத்துக்கு உரியவை. அவர்கள் முற்றிலும் மறந்துவிட்ட தடயம் ஒன்றை நினைவூட்டியே ஆகவேண்டும் என்றால், அதே அளவு எடையுள்ள வேறு இரண்டோடு சேர்த்து, நடுவில் வைத்து எழுதுங்கள்.

ஆட்டக்காரர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சுருக்கத்தில் திருத்தலாமா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. காதில் விழுந்ததில் தவறு என்றால் திருத்தத்தான் வேண்டும்: பின்கதவு என்று நீங்கள் சொன்னதை அவர்கள் முன்கதவு என்று கேட்டிருந்தால், அங்கே நேரில் நிற்கும் பாத்திரத்துக்கு அந்தக் குழப்பம் வந்திருக்காது. தவறு ஊகத்தில் என்றால் கைவைக்கக் கூடாது. பெட்டியை எடுத்தவர் நில அளவையாளரின் உதவியாளர்தான் என்று குழு முழுவதும் நம்பினாலும், அந்த நம்பிக்கையை அவர்களுடையதாகவே எழுதி நகர்ந்துவிட வேண்டும்.

கதை ஓய்ந்த இடத்தில் முடிப்பது

“விசாரணை முடிந்தது. பல திருப்பங்கள் காத்திருக்கின்றன, ஞாயிறு சந்திப்போம்!” என்ற முடிவு எவரையும் அசைக்காது. திருப்பம் காத்திருக்கிறது என்பது கேம் மாஸ்டரின் வாக்குறுதி. அதை வைத்துக்கொண்டு ஆட்டக்காரர் இடைப்பட்ட நாட்களில் எதையும் யோசிக்க முடியாது. அவர் எடுக்க வேண்டிய முடிவை அவர் கையில் கொடுத்துவிட்டு நிறுத்தினால்தான், பேருந்தில் போகும்போதும் அதை நினைத்துக்கொண்டிருப்பார்.

> காவல்காரர் வாசலில் நிற்கிறார். விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. விடிந்தால் கூலி வாங்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அவரை அனுப்பிவிடுவதா, நிறுத்தி வைப்பதா?

இதில் புதிய செய்தி ஒன்றுகூட இல்லை. இடம், நேர நெருக்கடி, கேள்வி ஆகிய மூன்றும் மேசையில் ஏற்கெனவே இருந்தவை. அப்படிப்பட்ட கேள்வி எதுவும் இல்லாமல் ஆட்டம் நின்றுவிட்டால், எல்லோரும் எழுந்து செருப்பு மாட்டுவதற்கு முன்பே, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இன்னும் நல்லது. அந்த முரண்பாட்டையே கடைசி வரியாக எழுதிவிடலாம்.

எழுதிய இரவே அனுப்பிவிடுவது

அன்றிரவே எழுதுங்கள், அன்றிரவே அனுப்பாதீர்கள். எல்லாம் நினைவில் இருக்கும்போது படித்தால் அது வெறும் ஒப்புதல் கையெழுத்துத்தான். கட்டைவிரல் குறியோடு முடிந்துவிடும். ஞாயிறு ஆட்டம் என்றால் வெள்ளி மாலை அனுப்புவது சரியாக இருக்கும். யோசிக்கவும் குழுவில் வாதிடவும் ஒரு நாளாவது கிடைக்கும். கடைசிப் பத்தியை மட்டும் ஞாயிறன்று மேசையில் வாய்விட்டுப் படித்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.

நீளம்

150 சொற்கள் போதும். நீண்டுபோனால் செய்தி திரையில் பாதியில் மடங்கிவிடும். மடிப்புக்குக் கீழே உள்ள கேள்வியை எவரும் பார்க்க மாட்டார்கள்.

அன்று வராதவரை விட்டுவிடுவது

வராதவரின் பாத்திரம் அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டில் எழுதி ஒருவருக்கு மட்டும் நீங்கள் கொடுத்த இரகசியம் பொதுச் சுருக்கத்தில் வரக்கூடாது. அதை அவருடைய எண்ணுக்குத் தனியாக, அதே வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுங்கள்.