எக்ஸைட்டானைப் பேண்ட் கேப்புக்குள் கோடு போட்டுக் காட்டாதீர்கள்

சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்ஸி. இயற்பியல் புராஜெக்ட் என்றால் துத்தநாக ஆக்சைடு படலம் அடிக்கடி கண்ணில் படும். கண்ணாடித் தகட்டில் தெளித்தோ முக்கியெடுத்தோ படலம் போடுவார்கள். யு.வி. எடுப்பார்கள், டாக் வரைபடம் போடுவார்கள். நேர்கோடு 3.28 எலக்ட்ரான் வோல்ட்டில் அச்சைத் தொட்டதும் அறிக்கையில் ஒரு வாக்கியம் ஏறிவிடும்: "பேண்ட் கேப் 3.28, நூல்களில் உள்ள 3.37-ஐ விடக் குறைவு. படலத்தில் உள்ள குறைபாடுகளே காரணம்." கொஞ்சம் மாசு கலந்த அடுத்த படலத்தில் 3.25 வந்தால், "மாசு கலந்ததால் பேண்ட் கேப் குறைந்தது" என்று இன்னொரு வாக்கியமும் சேரும்.

இரண்டு வாக்கியங்களும் தவறாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அளந்தது பேண்ட் கேப்பே இல்லை, ஈர்ப்பால் சேர்ந்தே திரியும் எலக்ட்ரான்–துளை இணையான எக்ஸைட்டானின் உட்கவர் உச்சியின் சரிவு. இந்தக் குழப்பம் கரும்பலகையில் வரையும் ஒரு படத்தில்தான் தொடங்குகிறது.

படத்தில் உள்ள தவறு

கீழே இணைதிறன் பட்டை, மேலே கடத்தல் பட்டை. கடத்தல் பட்டைக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு போட்டு "எக்ஸைட்டான்" என்று எழுதிவிடுவார்கள். பார்க்க கொடையணு மட்டம் போலவே இருக்கும். உடனே மாணவருக்கு நியாயமான கேள்விகள் வரும்: அந்த மட்டத்தில் எத்தனை எலக்ட்ரான் உட்காரும்? ஃபெர்மி மட்டம் அதைத் தாண்டினால் நிரம்பிவிடுமா? விடை கிடையாது, ஏனென்றால் அங்கே அப்படி ஒரு மட்டமே இல்லை.

பேண்ட் கேப் என்பது எதன் அளவு என்று முதலில் பார்ப்போம். ஒரு படிகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்க ஆகும் ஆற்றல் ஒன்று. அதே போன்ற படிகத்தில் கூடுதலாக ஓர் எலக்ட்ரானை வைத்தால் கிடைக்கும் ஆற்றல் இன்னொன்று. இரண்டின் வித்தியாசம்தான் பேண்ட் கேப். துளை ஒரு பக்கம், எலக்ட்ரான் இன்னொரு பக்கம், ஒன்றை ஒன்று உணராத தொலைவில் இருப்பதாகத்தான் இந்தக் கணக்கு.

ஒளி செய்வது வேறு. ஒரு ஃபோட்டான் விழுந்தால் எலக்ட்ரானும் துளையும் ஒரே படிகத்தில், பக்கத்துப் பக்கத்தில் பிறக்கின்றன. எதிரெதிர் மின்னூட்டம், ஆகவே ஈர்ப்பு உண்டு. பிரித்துத் தொலைவில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் பேண்ட் கேப் முழுவதையும் செலவழிக்க வேண்டும். பிரிக்காமல் சேர்ந்தே இருக்கவிட்டால் ஈர்ப்பின் அளவுக்குச் செலவு மிச்சம். அந்த மிச்சம்தான் பிணைப்பு ஆற்றல். உட்கவர் நிறமாலையில் பேண்ட் கேப்புக்குக் கீழே உச்சி தெரிவதற்குக் காரணம் இவ்வளவுதான். இடைவெளிக்குள் புதிதாக எதுவும் முளைக்கவில்லை.

ஆகவே வரைவதென்றால் வேறு படம் வரையுங்கள். அடியில் படிகத்தின் தாழ்நிலை, அதன் ஆற்றல் சுழியம். செங்குத்து அச்சில் முழுப் படிகத்தின் கிளர்வு ஆற்றல், கிடை அச்சில் எலக்ட்ரான்–துளை இணையின் மொத்த உந்தம். தனித்தனியாகத் திரியும் இணைகளின் தொடர்ச்சி பேண்ட் கேப்பில் தொடங்கும், அதற்குக் கீழே எக்ஸைட்டானின் வளைகோடுகள் வரும். வளைகோடு என்பதைக் கவனியுங்கள்: மாசு அணுவில் சிக்கிய எலக்ட்ரான் போல எக்ஸைட்டான் ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை, படிகத்துக்குள் நகரும். நகர்ந்தாலும் மொத்த மின்னூட்டம் சுழியம் என்பதால் மின்னோட்டம் தராது. அப்புறம் அது எங்கே போய் உடைகிறது என்பதுதான் சோலார் செல்காரர்களின் தலைவலி.

டாக் கோடு எதைத் தொடுகிறது

டாக் முறையில் `(αhν)²` வரைந்து நேர்கோட்டை நீட்டுகிறோம். அது நேர்கோடாக வர ஒரு நிபந்தனை உண்டு: பேண்ட் கேப்புக்கு மேல் `αhν` ஆனது `√(hν − Eg)` போல மெதுவாக ஏற வேண்டும். எலக்ட்ரானுக்கும் துளைக்கும் ஈர்ப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் வரும் வடிவம் அது.

துத்தநாக ஆக்சைடில் பிணைப்பு ஆற்றல் சுமார் 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையில் பேண்ட் கேப் 3.37 என்றால் எக்ஸைட்டான் உச்சி 3.31 பக்கம் வரும். நல்ல படலத்தில் அது ஒரு மேடாகத் தெரியும், சுமாரான படலத்தில் அகன்று தோள்பட்டை போல வளைந்து நிற்கும். எப்படி இருந்தாலும், நிறமாலையில் செங்குத்தாக ஏறும் பகுதி இந்த உச்சியின் தாழ்ஆற்றல் சரிவுதான். அதன் இருமடியை எடுத்தால் கொஞ்ச தூரம் நேராகத்தான் தெரியும், நாமும் கோடு போட்டுவிடுகிறோம். கோடு அச்சைத் தொடும் இடம் உச்சிக்கும் கீழே, 3.27, 3.28 என்று விழும். உச்சி எவ்வளவு அகலமோ அவ்வளவு கீழே.

3.25-இன் கதையும் இதுதான். மாசு சேர்த்ததால் படிகச் சிறுமணிகளில் ஒழுங்கு குறைந்து உச்சி அகன்றிருக்கலாம். பேண்ட் கேப் இம்மியும் நகராமலேயே கோடு தொடும் இடம் மட்டும் இறங்கிவிடும். அலுமினியம் நிறையச் சேர்த்து எலக்ட்ரான் செறிவு கன சென்டிமீட்டருக்கு 10²⁰ அளவுக்குப் போய்விட்டால் நிலைமை வேறு. அத்தனை எலக்ட்ரான்களும் ஈர்ப்பை மறைத்துவிட, எக்ஸைட்டானே கரைந்துபோகும். அப்போது மாசில்லாத படலத்தின் எக்ஸைட்டான் விளிம்பையும் மாசுள்ள படலத்தின் பட்டை விளிம்பையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடுவது, வேறு வேறு பொருளை ஒரே தராசில் வைப்பதுதான்.

சரி, பேண்ட் கேப் வேண்டுமென்றால் என்ன செய்வது? குளிர்விக்க வேண்டும். ஏற்காட்டுக்கு எடுத்துப்போய் அளந்தால் போதுமா என்று ஒரு மாணவர் விளையாட்டாகக் கேட்டார். கணக்குப் போட்டே பார்க்கலாம். சேலத்தில் வெயில் 38 டிகிரி என்றால் வெப்ப ஆற்றல் kT 26.8 மில்லி எலக்ட்ரான் வோல்ட். மலைமேல் 22 டிகிரி என்றால் 25.4. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியும் மிச்சம் 1.4 தான். திரவ நைட்ரஜனில், 77 கெல்வினில், அது 6.6-க்கு இறங்கும், உச்சி ஒடுங்கித் தனியாக நிற்கும்.

திரவ ஹீலியம் வரை போய் நல்ல ஒற்றைப் படிகத்தை அளந்தால் முதல் உச்சி 3.377-இல் இருக்கும், அதற்கு மேல் 3.42 பக்கம் இரண்டாவது உச்சி வரும். ஹைட்ரஜன் அணு போல ஆற்றல் 1/n² என்று குறைவதால், இரண்டுக்கும் இடையிலான தூரம் பிணைப்பு ஆற்றலில் முக்கால் பங்கு. தூரம் 45, ஆகவே பிணைப்பு ஆற்றல் 60, அந்தக் குளிரில் பேண்ட் கேப் 3.437. டாக் கோடு எதுவும் போடாமலேயே மூன்று எண்களும் கிடைத்துவிட்டன. குளிர்விக்க வசதி இல்லையென்றால், அறிக்கையில் "உட்கவர் விளிம்பு 3.28" என்று எழுதுங்கள். அது உண்மை, யாரும் கேள்வி கேட்க முடியாது.

60 பெரிது, 26 சிறிது என்ற வாதம்

பிணைப்பு ஆற்றல் kT-யை விடக் குறைவாக இருந்தால் எக்ஸைட்டானை மறந்துவிடலாம் என்பது அடுத்த தவறு. காலியம் ஆர்சனைடில் அது சுமார் 4.2 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். அறை வெப்பநிலையில் எக்ஸைட்டான் பிறந்த வேகத்தில் உடைந்துவிடும். ஆனால் ஒளி உட்கவரப்படும் அந்த நொடியில் எலக்ட்ரானும் துளையும் ஒரே இடத்தில் இருக்கும் வாய்ப்பை ஈர்ப்பு கூட்டிவிடுகிறது. பேண்ட் கேப்புக்கு மேலேகூட உட்கவர்தல் கூடுகிறது; விளிம்பு வர்க்கமூலம் போல மெல்ல ஏறாமல் படி போல எழுகிறது. எலியட் 1957-இல் இதற்கான சூத்திரத்தைத் தந்தார். பிணைந்த நிலை உடைந்தாலும் ஈர்ப்பு உடைவதில்லை.

சூத்திரத்தில் எந்த மாறிலி

எலக்ட்ரானும் துளையும் பல அணுத் தொலைவு விலகிச் சுற்றும் வானியர் வகை எக்ஸைட்டானுக்கு எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்: 13.6 எலக்ட்ரான் வோல்ட்டை இணையின் குறுக்க நிறையால் பெருக்கி, மின்காப்பு மாறிலியின் இருமடியால் வகுக்க வேண்டும். துத்தநாக ஆக்சைடுக்கு நிறை 0.19, நிலை மின்காப்பு மாறிலி 8.5 என்று போட்டால் 36 மில்லி எலக்ட்ரான் வோல்ட் வரும். ஒளி அதிர்வெண்ணுக்குரிய 3.75-ஐப் போட்டால் 184. உண்மையோ 60. மாறிலியின் பெரும்பகுதி படிக அயனிகள் அசைந்து கொடுப்பதால் வருவது, அவை அசைய நேரம் வேண்டும். இந்தப் படிகத்தில் அந்த அதிர்வின் குவாண்டம் 72 மில்லி எலக்ட்ரான் வோல்ட், பிணைப்பு ஆற்றலும் கிட்டத்தட்ட அதே அளவு. எலக்ட்ரான் சுற்றும் வேகத்துக்கு அயனிகள் பாதிதான் ஈடுகொடுக்கின்றன. ஆகவே விடை இரண்டுக்கும் இடையில் விழுகிறது. காலியம் ஆர்சனைடில் சுற்று மிக மெதுவானது, நிலை மாறிலியே போதும்.

இதே சூத்திரத்தை ஆந்த்ரசீன் போன்ற மூலக்கூறு படிகத்துக்குப் போடுவதுதான் ஆகப் பெரிய தவறு, ஏனென்றால் விடை சரிபோலத் தோன்றும். மாறிலி 3, நிறை 0.5 என்று வைத்தால் முக்கால் எலக்ட்ரான் வோல்ட் வரும். ஆந்த்ரசீனில் பேண்ட் கேப் சுமார் 4, ஒளி உட்கவரத் தொடங்குவது 3.1 பக்கம், ஆக வித்தியாசம் கிட்டத்தட்ட 1. பரவாயில்லையே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதே சூத்திரத்தில் ஆரத்தையும் கணக்கிடுங்கள்: 0.32 நானோமீட்டர். ஆந்த்ரசீன் மூலக்கூறுகளுக்கு இடையிலான தூரம் அதைவிட அதிகம். ஒரு மூலக்கூறுக்குள்ளேயே அடங்கிய இணைக்குப் படிகம் முழுவதின் சராசரி மாறிலியைப் போடுவதில் பொருளே இல்லை. இது ஃபிரெங்கல் 1931-இல் சொன்ன வகை: கிளர்ந்த மூலக்கூறு, அந்தக் கிளர்ச்சி மட்டும் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவுகிறது.

சூத்திரம் தோற்பதை நேரடியாகவே காட்டலாம். ஆந்த்ரசீனில் ஒற்றை எக்ஸைட்டான் 3.1-இல், மும்மை எக்ஸைட்டான் 1.8-இல். ஏறக்குறைய அதே ஆர்பிட்டால்கள்தான், தற்சுழற்சி மட்டும் வேறு, வித்தியாசம் 1.3 எலக்ட்ரான் வோல்ட். இது பரிமாற்ற ஆற்றல், ஹைட்ரஜன் சூத்திரத்தில் இதற்கு இடமே கிடையாது. ஆகவே "ஆந்த்ரசீனின் பிணைப்பு ஆற்றல்" என்று ஒற்றை எண்ணைக் கொடுத்தால், எந்த எக்ஸைட்டானுக்கு என்று கேளுங்கள்.

மூலக்கூறு படிகத்தில் பேண்ட் கேப்பை ஒளிமின்னோட்டத்தால் கண்டுபிடிக்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. 3.1-இல் ஒளி விட்டாலும் மின்னோட்டம் வரும், உட்கவர் நிறமாலையைப் போலவே ஏறி இறங்கும். எக்ஸைட்டான்கள் நகர்ந்து மின்முனையை அடைந்து அங்கே உடைவதால் வரும் மின்னோட்டம் அது, பேண்ட் கேப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒளி விழும் பக்கத்து மின்முனையின் நேர்–எதிர் குறியை மாற்றிப் பாருங்கள், உலோகத்தையும் மாற்றிப் பாருங்கள். மின்னோட்டம் பெரிதாக மாறினால் அது மேற்பரப்பு வேலை. படிகத்தின் உட்புறத்திலேயே இணை பிரியும் மின்னோட்டம் 4-ஐ ஒட்டித்தான் தொடங்கும்.